மாதக் கடைசியில் ஏறிய சரக்கு: விற்பனைப் பிரதிநிதி மேலே போகும் வழி

பில் போடுவதில் கெட்டிக்காரரான விற்பனைப் பிரதிநிதிகள் பலர் பத்து வருடமானாலும் தினமும் கடை கடையாகப் போகும் அதே பீட்டில், அதே பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை விடக் குறைவாக விற்ற ஒருவர் ஏரியா மேனேஜராகிவிடுகிறார். பெரிய இடத்துச் சிபாரிசு என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. மேலே போகிறவர் தன் டார்கெட்டைத் தாண்டி அடுத்தவரின் பணத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவராக இருக்கிறார். முதலில் கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஸ்டாக்கிஸ்டின் முதலீடு, பிறகு பெரிய வாடிக்கையாளரின் லாபம், அதன் பிறகு ஒரு பகுதி முழுவதன் வருடக் கணக்கு என்று அந்தப் பார்வை விரிகிறது.

எல்லா விற்பனை அலுவலகங்களிலும் நடக்கும் ஒரு சாதாரணச் செயலைப் பின்தொடர்ந்து போனால் இந்த மூன்று கணக்குகளும் புரிந்துவிடும். மாதத்தின் கடைசி இரண்டு நாளில் ஸ்டாக்கிஸ்ட் குடோனில் சரக்கை ஏற்றி டார்கெட்டை முடிப்பதுதான் அந்தச் செயல்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பிஸ்கட் எடுத்து விற்கும் ஒரு ஸ்டாக்கிஸ்டை மாதிரியாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை, எந்தக் குறிப்பிட்ட கடையினுடையதும் அல்ல. அவர் கடைகளுக்கு மாதம் ₹24 லட்சத்துக்கு விற்கிறார். இதுதான் செகண்டரி. கம்பெனியிடமிருந்து அவர் வாங்குவது பிரைமரி. அவருக்கு மார்ஜின் 5 சதவீதம், அதாவது மாதம் ₹1,20,000. இரண்டு சேல்ஸ்மேன் சம்பளம் ₹30,000, டெலிவரி வண்டியும் டிரைவரும் டீசலும் ₹26,000, குடோன் வாடகை, பில்லிங் ஆள், மற்றவை ₹14,000. செலவு போக மாதம் ₹50,000 நிற்கிறது.

இந்த ஐம்பதாயிரத்தை மட்டும் பார்த்து ‘நல்ல லாபம்’ என்று சொல்லிவிட முடியாது. அதைச் சம்பாதிக்க எவ்வளவு பணம் உள்ளே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். குடோனில் 15 நாள் சரக்கு, ₹12 லட்சம். கடைகளில் 10 நாள் கடன், ₹8 லட்சம். ஸ்கீம், டேமேஜ், எக்ஸ்பயரி என்று கம்பெனியிடமிருந்து வரவேண்டிய கிளெய்ம் ₹2 லட்சம். கம்பெனி கடன் தருவதில்லை, முன்பணம் கட்டித்தான் சரக்கு எடுக்கிறார். ஆக மொத்தம் ₹22 லட்சம் மாட்டியிருக்கிறது. வருட லாபம் ₹6 லட்சம். போட்ட பணத்துக்கு 27 சதவீதம் வருகிறது. வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடனான ஓ.டி.க்கு வட்டி போனாலும் அவருக்கு இந்த ஏஜென்சியை வைத்துக்கொள்ள மனம் வரும்.

எக்ஸல் தாளில் இதை ஒரே வரியில் போடலாம். B2-வில் மாத மார்ஜின், B3-இல் மாதச் செலவு, B4-இல் சரக்கு, B5-இல் கடைக் கடன், B6-இல் கிளெய்ம், B7-இல் கம்பெனி கொடுக்கும் கடன் என்று வைத்துக்கொண்டால்:

```
=(B2-B3)*12/(B4+B5+B6-B7)
```

இப்போது மாதக் கடைசி. பிரைமரி டார்கெட் ₹30 லட்சம், ₹24 லட்சம்தான் ஆகியிருக்கிறது. “அண்ணாச்சி, இந்த ஒரு மாசம் மட்டும் ஒத்துழைச்சிடுங்க, அடுத்த மாசம் சரிபண்ணிடலாம்” என்று சொல்லி ஆறு லட்சத்துக்குச் சரக்கை ஏற்றிவிடுகிறார் பிரதிநிதி. டார்கெட் முடிந்தது, இன்சென்டிவ் வந்தது.

ஸ்டாக்கிஸ்ட் பக்கம் என்ன நடக்கிறது? ஏறிய ஆறில் மூன்று லட்சத்தை எப்படியாவது கழிக்க வேண்டுமென்று மொத்தக் கடைக்காரர்களுக்கு 2 சதவீதம் விட்டுக்கொடுத்து, நீண்ட கடனில் தள்ளுகிறார். குடோன் சரக்கு ₹15 லட்சம், கடைக் கடன் ₹11 லட்சம். கம்பெனியிடமிருந்து வரவேண்டிய கிளெய்மும் ₹3 லட்சமாகிறது. மாட்டியிருக்கும் பணம் இப்போது ₹29 லட்சம். அவர் கையிலிருந்து விட்ட ₹6,000 போக மாத லாபம் ₹44,000. அதே நிலை தொடர்ந்தால் வருமானம் 27-லிருந்து 18 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. விற்பனை மட்டும் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. மொத்தக் கடைக்காரர் இன்று வாங்கியது அடுத்த மாதம் வாங்கப்போவதைத்தான்.

‘அடுத்த மாதம் சரியாகிவிடும்’ என்ற வாக்குத்தான் இதில் ஆபத்தானது. ஏற்றிய ஆறு லட்சம் உண்மையில் கழிய வேண்டுமென்றால் அடுத்த மாதப் பிரைமரி ₹18 லட்சமாக இறங்க வேண்டும். அதை எந்த மேனேஜரும் ஒப்புக்கொள்வதில்லை. ₹24 லட்சம் காட்டினால்கூட அந்த ஆறு லட்சம் அப்படியே வழியில் நிற்கும். மறுபடி ₹30 லட்சம் காட்ட நினைத்தால் அது பன்னிரண்டு லட்சமாகும். கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் பணம் கட்டுவதைத் தள்ளிப்போடுவார், புதுச் சரக்கு வேண்டாம் என்பார், ஒரு சேல்ஸ்மேனை நிறுத்துவார். அந்த நேரத்தில் பிரதிநிதி மாற்றலாகிப் போயிருப்பார், வந்தவர் மாட்டுவார்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாதப் பிரைமரியில் கடைசி ஐந்து நாளில் வந்தது எவ்வளவு என்று பாருங்கள். பாதிக்கு மேல் அந்த நாட்களில் வருகிறதென்றால் அங்கே கடை விற்பனை சரக்கை இழுக்கவில்லை, மேலேயிருந்து தள்ளுகிறார்கள். இன்னொரு அடையாளம், மொத்தக் கடைகளின் பங்கு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போவது.

இதுவரை சொன்னது முதல் கணக்கு. சேதம் இதோடு நிற்பதில்லை.

ஏற்றப்படும் சரக்கு எது என்று கவனிக்க வேண்டும். வேகமாக ஓடும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளை யாரும் வற்புறுத்தி ஏற்றத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஏறுவது விலை கூடிய, மெதுவாக ஓடும் கிரீம் பிஸ்கட்டும் புது அறிமுகங்களும். ஸ்டாக்கிஸ்டின் ஓ.டி. வரம்பு அதிலேயே முடிந்துவிடுகிறது. மாத முதல் வாரத்தில் ஓடும் சரக்குக்கு முன்பணம் கட்ட அவர் கையில் பணம் இருக்காது. அறிக்கையில் ‘சராசரி 19 நாள் ஸ்டாக்’ என்று இருக்கும். பிரித்துப் பார்த்தால் சிலது 45 நாள், சிலது 3 நாள். சராசரியைப் பார்த்துத் திருப்தியடைகிற பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனித்தனியாக நாள் கணக்குப் பார்க்கிறவருக்குத்தான் அடுத்து நடப்பது புரியும்.

அடுத்து நடப்பது சூப்பர் மார்க்கெட்டில், அதுதான் இரண்டாவது கணக்கு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஐந்து கிளைகள் வைத்திருக்கும் ஓர் உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் பெரிய வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட குடும்ப நிறுவனம்தான். முதலாளியே கொள்முதலைப் பார்ப்பார், அல்லது நம்பிக்கையான ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் இருப்பார். கம்பெனி அவர்களைக் கீ அக்கவுன்ட் என்று தனியாகக் கவனிக்கும். சப்ளை மட்டும் அந்த ஸ்டாக்கிஸ்ட் மூலமே போகும்.

இந்த அக்கவுன்ட்டில் விற்பனை தேங்கி நிற்கிறது. பீட் பழக்கத்தில் வந்தவர் உடனே நினைப்பது ஒரு ரேக்கை வாடகைக்கு எடுத்து, பணம் கட்டும் இடத்தருகே வைத்துவிடலாம் என்று. வாடகை மாதம் ₹15,000. ஆனால் அக்கவுன்ட் மேனேஜராக யோசிக்கிறவர் முதலில் இந்த வாடிக்கையாளர் இப்போதே கம்பெனிக்கு என்ன செலவு வைக்கிறார் என்று எழுதுவார். மாத விற்பனை ₹6 லட்சம். வருட ஒப்பந்தப்படி திருப்பித்தரும் 2 சதவீதம், ₹12,000. அலமாரியை ஒழுங்கு செய்யும் மெர்ச்சன்டைசர் செலவில் இவருக்கான பங்கு ₹7,000. எக்ஸ்பயரியாகத் திரும்புவது ₹6,000. புது ரேக் வாடகையும் சேர்ந்தால் ₹40,000, அதாவது விற்பனையில் 6.7 சதவீதம்.

அந்தப் பதினைந்தாயிரம் வீணா இல்லையா என்பதை ஒரு வகுத்தலில் சொல்லிவிடலாம். பொருளின் அடக்கமும் வழிச் செலவும் போகக் கம்பெனிக்கு நூறு ரூபாய் விற்பனையில் 25 ரூபாய் நிற்கிறது என்றால், ₹15,000 வாடகையை ஈடுகட்ட மாதம் ₹60,000 கூடுதலாக விற்க வேண்டும். கூடுதலாக என்பதில் கவனம் வேண்டும். பழைய அலமாரியில் எடுத்ததைப் புது ரேக்கில் எடுத்தால் அது கூடுதல் ஆகாது. ரேக்கில் ஓடியதை மட்டும் எண்ணி வெற்றி என்று அறிக்கை அனுப்புவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. கிளையின் மொத்த பிஸ்கட் விற்பனையில் நம் பங்கு என்ன ஆனது என்றுதான் பார்க்க வேண்டும்.

ரேக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவர்களுடைய ஆர்டர்களையும் நம் பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். அவர்கள் கேட்டது ₹7.3 லட்சத்துக்கு, நாம் கொடுத்தது ₹6 லட்சத்துக்கு. நூற்றுக்கு 82 தான் போயிருக்கிறது. ₹1.3 லட்சத்துக்கான ஆர்டர் கையில் இருந்தும் சரக்கு போகவில்லை. போகாத அயிட்டங்கள் எவை என்று பார்த்தால், குடோனில் மூன்று நாள் ஸ்டாக் காட்டிய அதே ஓடும் சரக்குகள். கிடைக்காததை மறு வாரமும் ஆர்டரில் எழுதியிருப்பார்கள், அதனால் முழுத் தொகையும் இழப்பு என்று சொல்ல முடியாது. பாதி என்று வைத்தாலே ₹65,000. ரேக் வாடகை கொடுத்துத் தேட வேண்டிய அறுபதாயிரத்தை விட அது அதிகம், வாடகையும் இல்லை.

ஒரு மாதக் கடைசியில் மார்த்தாண்டம் குடோனில் ஏறிய கிரீம் பிஸ்கட்டுக்கும், நாகர்கோவில் கிளையில் காலியாக இருக்கும் அலமாரிக்கும் உள்ள தொடர்பு இதுதான். பீட்டில் மட்டும் நிற்கிறவருக்கு இது கண்ணில் படாது. அறையில் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேலாண்மைப் பட்டதாரிக்கும் எளிதில் படாது, ஏனென்றால் அவருக்கு வருவது சராசரிகள். களத்திலிருந்து வருகிறவருக்கு உள்ள உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடோனில் நின்று பெட்டியைப் பார்த்தவர் அவர்.

பெரிய வாடிக்கையாளரிடம் பேசும் முறையும் மாற வேண்டும். சிறு கடையில் ஒருவரிடம் பேசினால் வேலை முடியும். இங்கே குறைந்தது நான்கு பேர். முதலாளிக்கு வேண்டியது பிஸ்கட் பிரிவு முழுவதிலும் அலமாரியின் ஒரு அடி நீளத்துக்கு எவ்வளவு லாபம் என்பது. பர்ச்சேஸ் மேனேஜருக்கு வேண்டியது சொன்ன நாளில் சொன்ன அளவு. கிளை மேனேஜருக்கு எக்ஸ்பயரி தன் தலையில் விழக்கூடாது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்குக் கிரெடிட் நோட் ஜி.எஸ்.டி. கணக்கோடு பொருந்தி வர வேண்டும். கடைசியாகச் சொன்னவரைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் பணம் தாமதமாவது பெரும்பாலும் அந்த மேசையில்தான். குறைவாகப் போன சரக்குக்கு அவர்கள் எழுதிய டெபிட் நோட் ஒன்று தீர்க்கப்படாமல் கிடந்தால், அதைவிடப் பல மடங்கு பெரிய பில் அதற்காகவே நிறுத்திவைக்கப்படும். மாதம் ஒருமுறை அந்த மேசையில் உட்கார்ந்து இரு பக்கக் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது அக்கவுன்ட் மேனேஜ்மென்ட்டில் பாதி வேலை என்று சொல்வேன்.

மூன்றாவது கணக்கு, ஒரு பகுதி முழுவதற்குமான திட்டம். எங்கே பணத்தைப் போடுவது, எங்கே போடாமலிருப்பது என்ற முடிவு அதில் முக்கியம்.

உதாரணத்துக்கு, கருங்கல் பக்கம் கடைகளுக்கு மார்த்தாண்டத்திலிருந்து வண்டி சரியாகப் போவதில்லை. அங்கே புது ஸ்டாக்கிஸ்ட் போட்டால் விற்பனை கூடும் என்று யாரும் சொல்வார்கள். அதே தாளில் போட்டுப் பாருங்கள். மார்த்தாண்டத்துக்காரரின் ₹24 லட்சத்தில் ₹8 லட்சம் போய்விடும். மீதி 16 லட்சத்துக்கு மார்ஜின் ₹80,000. வண்டி, குடோன், ஆள் செலவு விற்பனை அளவுக்குக் குறைவதில்லை, ₹58,000-க்கு வந்தாலே பெரிது. நிற்பது ₹22,000. முதலீடு ஏறக்குறைய ₹14.7 லட்சமாகக் குறைந்தாலும் வருமானம் 18 சதவீதம்தான். புதியவருக்கோ ₹8 லட்சத்தில் மார்ஜின் ₹40,000. ஒரு சேல்ஸ்மேன், ஒரு லோடு ஆட்டோ, ஒரு அறை வாடகை போனால் மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு பேரும் சோர்ந்துவிடுவார்கள். மார்த்தாண்டத்துக்காரரின் கீழேயே கருங்கலில் ஒரு சப் ஸ்டாக்கிஸ்டை வைத்து, மார்ஜினில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்து, கம்பெனி கொஞ்சம் ஈடுகட்டுவதுதான் அங்கே தாங்கும் ஏற்பாடு. கருங்கல் விற்பனை 15 லட்சத்தைத் தொடும்போது பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

வருட டார்கெட்டைப் பன்னிரண்டால் வகுக்கும் பழக்கமும் இந்த மாவட்டத்தில் எடுபடாது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் குளச்சல் பக்கமும் சின்னமுட்டம் பக்கமும் வெவ்வேறு மாதங்களில் கை இறுகும். அந்த நாட்களில் கடை விற்பனை நின்றுவிடுவதில்லை, சிறு பாக்கெட்டுக்கு மாறும், கடன் நாள் நீளும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் இலை உதிரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்வெட்டு குறையும், கொட்டும் மழைக்காலத்திலும் தடைபடும். கன்னியாகுமரி ஊரிலோ நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை பக்தர்களும் சுற்றுலாப் பயணிகளும் வந்து குவிவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மாத டார்கெட்டை இப்படிப் பிரித்து, கூட்டினால் வருட எண் அதேதான் வரும்படி ஒரு தாளை மேனேஜரிடம் கொடுக்கிற பிரதிநிதியை அவர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

களியக்காவிளை எல்லையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓணத்துக்குக் கேரளத்தில் கம்பெனி கூடுதல் ஸ்கீம் கொடுத்தால், அங்கே எடுத்த சரக்கு இந்தப் பக்கத்து மொத்தக் கடைகளுக்குக் குறைந்த விலையில் வந்துவிடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில வரி வித்தியாசமும் எல்லைச் சோதனையும் போன பிறகு இதற்குத் தடையும் குறைவு. மார்த்தாண்டத்தில் விற்பனை சரிந்தால் சேல்ஸ்மேனைத் திட்டுவதற்கு முன் மொத்தக் கடையில் கிடக்கும் பெட்டியின் பேட்ச் எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த எண் எந்த டிப்போவிலிருந்து போனது என்பதைக் கம்பெனியால் சொல்ல முடியும். இரண்டு மாநில ஸ்கீமையும் ஒரே வாரத்தில், ஒரே அளவில் வைக்கச் சொல்வதுதான் தீர்வு. அதைச் சொல்ல இரு பக்க மேனேஜர்களையும் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும், அதிகாரம் இல்லாமலே நடத்த வேண்டிய வேலை அது.

விற்பனையிலிருந்து உச்சிக்குப் போனவர்களில் தெளிவான உதாரணம் ஆன் மல்காஹி. 1976-இல் ஜெராக்ஸ் கம்பெனியில் களப் பிரதிநிதியாகச் சேர்ந்தார், 2001-இல் அதன் தலைமை நிர்வாகி ஆனார். இடையில் மனிதவளப் பிரிவுக்கும் தலைமை வகித்தார். கம்பெனி கடனில் மூழ்கியிருந்த நேரத்தில் பொறுப்பேற்ற அவர், நிதிப் பகுப்பாய்வுப் பிரிவில் இருந்த ஒரு சக ஊழியரை உட்காரவைத்து பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொண்டார். கால் நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகும் அவருக்குக் குறைவாக இருந்தது அடுத்தவர் பணத்தின் கணக்குத்தான். அதை ஸ்டாக்கிஸ்ட் அளவில் இப்போதே கற்றுக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனாலும் சில சுவர்கள் இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. ஸ்டாக்கிஸ்ட் சம்பளத்தில் இருக்கும் சேல்ஸ்மேனைக் கம்பெனி நேரடியாக எடுப்பது அரிது. பெரும்பாலும் முதலில் ஏஜென்சி சம்பளத்தில்தான் பிரதிநிதி ஆவார். அங்கிருந்து கம்பெனிச் சம்பளத்துக்குப் போக ஒரு பட்டம் கேட்பார்கள். அது இல்லாதவர் வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் முடித்துவிடுவது நல்லது, பதவி காலியாகும்போது ஆரம்பித்தால் நேரம் போதாது. அடுத்தது இடமாற்றம். ஒரு மாவட்டத்துக்குள் ஏரியா மேனேஜர் பதவி ஒன்றோ இரண்டோதான். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகச் சம்மதிக்காதவர் இங்கேயே நின்றுவிடுவார். விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு கூடுதல். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறவருக்குத் திருவனந்தபுரம் பகுதியும் திறந்திருக்கிறது, இரண்டு மாநிலம் பார்க்கும் கீ அக்கவுன்ட் வேலைகளில் இது உண்மையிலேயே எடைபோடப்படும்.

தொடங்க விரும்புகிறவர் ஒரே ஒரு ஸ்டாக்கிஸ்டை எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள தாளை அவரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். முதல் தடவை உண்மையான எண்ணைச் சொல்லமாட்டார். கிடப்பில் இருக்கும் ஒரு பழைய கிளெய்மைப் பின்தொடர்ந்து வாங்கிக்கொடுத்தால் சொல்வார். பிறகு மூன்று மாதத்துக்கு, ஏறிப்போன ஆறு லட்சத்தை மாதம் இரண்டு லட்சமாக இறக்கும் திட்டத்தை எழுத்தில் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். பிரைமரி மாதம் ₹22 லட்சமாகத் தெரியும் என்பதையும், அந்தப் பணம் ஓடும் சரக்குக்குத் திரும்பி சூப்பர் மார்க்கெட் சப்ளை 82-லிருந்து 95-க்குப் போனால் செகண்டரி எவ்வளவு கூடும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். எந்த வாரம் எந்த எண்ணைப் பார்த்து, சரியாகப் போகவில்லையென்றால் நிறுத்துவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். மேனேஜர் மூன்று மாதத்துக்குச் சம்மதிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குக் கேளுங்கள், டார்கெட் அழுத்தம் குறைவாக இருக்கும் ஏப்ரலில் கேளுங்கள். மார்ச் வருடக் கடைசியில் கேட்டால் எந்த மேனேஜரும் தரமாட்டார்.